‘மேற்கோள்களைச் சரிசெய்க’: ஓர் ஆய்வேட்டுக் கோப்பைச் செப்பனிட்ட வரலாறு

கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த ஓர் ஆசிரியை, தம் முதுகலை ஆய்வேட்டின் கோப்பை எனக்கு அனுப்பினார். உடன்வந்த செய்தியில் ‘மேற்கோள்களைச் சரிசெய்க’ என்னும் இரண்டு சொற்களே இருந்தன. பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் வாழ்வு பற்றியது ஆய்வு. ஒப்படைக்க மூன்று வாரமே எஞ்சியிருந்தது.

அவ்விரு சொற்களுக்குள் இரண்டு வேறுபட்ட வேலைகள் அடங்கியுள்ளன. ஒன்று வடிவத்தைத் திருத்துதல். மற்றொன்று தகவலை நிரப்புதல். காற்புள்ளி எங்கே வரவேண்டும், ஆண்டு எங்கே நிற்கவேண்டும் என்பன வடிவம். அவற்றை எவரும் திருத்தலாம். ஒரு கூற்று எந்தப் பக்கத்தில் உள்ளது, எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பன தகவல். அவற்றை மூலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவரே சொல்ல இயலும். முதல் வேலையைச் செய்துகொண்டே அறியாமல் இரண்டாம் வேலைக்குள் நுழைந்துவிடுவதே திருத்துவோர் செய்யும் பெரும்பிழை. அந்தக் கோப்பைக் கொண்டே இதனை விளக்க முயல்கிறேன்.

முதலில் எதனையும் திருத்தவில்லை. துணைநூற்பட்டியலை ஒரு தாளிலும், இயல்களுக்குள் வரும் மேற்கோள்களை மற்றொரு தாளிலும் எழுதி இரண்டையும் ஒப்பிட்டேன். பட்டியலில் 46 பதிவுகள் இருந்தன. அவற்றுள் 7 ஆய்வேட்டில் ஓரிடத்திலும் எடுத்தாளப்படவில்லை. மாறாக, இயல்களில் சுட்டப்பட்ட 5 நூல்கள் பட்டியலில் இல்லை. இந்த ஒப்பீட்டைக் கடைசியில் செய்பவர், நீக்கப்படவேண்டிய பதிவுக்கும் அரைமணி நேரம் செலவிட்டு அழகு செய்திருப்பார்.

ஒப்பீட்டில் இன்னொன்றும் வெளிப்பட்டது. சின்னப்பா அரசரத்தினத்தின் ‘மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர்கள்’ என்னும் ஆங்கில நூல் இரண்டாம் இயலில் 1970 என்றும், நான்காம் இயலில் 1979 என்றும் சுட்டப்பட்டிருந்தது. பட்டியலில் 1979 மட்டுமே இருந்தது. கணினியில் ஒரே கட்டளையால் எல்லாவற்றையும் 1979 ஆக்கிவிடலாம். கோப்பும் சீராகத் தோன்றும். ஆனால் 1970-இல் வந்தது முதற்பதிப்பு, 1979-இல் வந்தது திருத்திய பதிப்பு. ஆசிரியை இரண்டு நூலகங்களில் இரண்டு பதிப்புகளையும் பார்த்திருக்கக்கூடும். அவ்வாறாயின், ஆண்டை மாற்றியவுடன் இரண்டாம் இயலின் பக்க எண்கள் அனைத்தும் பொய்யாகிவிடும். ஆகவே அதனைத் தொடாமல் ஒரு வினாக்குறிப்பை மட்டும் இட்டேன்.

அடுத்தது ஒரே நடையைத் தேர்தல். கோப்பில் மூன்று நடைகள் கலந்திருந்தன. சில இடங்களில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் பிறைக்குறிக்குள் இருந்தன. சில இடங்களில் அடிக்குறிப்புகள் இருந்தன. பட்டியலிலோ சில நூல்களுக்கு ‘கோலாலம்பூர்: ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம்’ என ஊரும் பதிப்பகமும், சிலவற்றுக்குப் பதிப்பகம் மட்டும் இருந்தன. இந்தக் கடைசி வேறுபாடு ஒரு நல்ல தடயம். ஏபிஏ நடையின் ஆறாம் பதிப்பு பதிப்பகத்தின் ஊரைக் கேட்டது. 2019-இன் இறுதியில் வெளிவந்த ஏழாம் பதிப்பு அதனை விட்டுவிட்டது. ஊர் உள்ள பதிவுகள் பழைய ஆய்வேடுகளிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவை என்று ஐயுறலாம். அப்படிப்பட்ட பதிவுகளையே முதலில் நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பிறர் செய்த பிழையும் அவற்றோடு சேர்ந்து வந்திருக்கும்.

எந்த நடை சிறந்தது என்பது இங்கு வினாவன்று. கல்விப்புலத்தின் ஆய்வேட்டு வழிகாட்டி எதனைக் கேட்கிறதோ அதுவே நடை. வழிகாட்டி ஒன்றும் கூறாவிடின் மூலங்களின் இயல்பைப் பார்த்துத் தேர்வு செய்யலாம். ஆவணக்காப்பகக் கோப்புகளும் பழைய நாளேடுகளும் மிகுந்த வரலாற்று ஆய்வுக்குச் சிகாகோவின் அடிக்குறிப்பு நடை ஏற்றது. அதில் ஒரு சான்றைப் பற்றி இரண்டு வரி விளக்கம் எழுதவும் இடமுண்டு. நூல்களும் கட்டுரைகளும் மிகுந்த கல்வியியல் ஆய்வுக்கு ஆசிரியர்-ஆண்டு நடை எளிது. ஆசிரியையின் புலம் ஏபிஏ ஏழாம் பதிப்பைக் கேட்டது; தேர்வு அத்துடன் முடிந்தது.

நடையைத் தேர்ந்தபின் நம் பெயர்கள் இடர் தந்தன. மேலைநாட்டு நடைகள் யாவும் குடும்பப்பெயரை முன்னிறுத்துகின்றன. தமிழருக்குக் குடும்பப்பெயர் இல்லை. இயற்பெயரும் தந்தை பெயருமே உள. கோப்பில் ‘இராமசாமி, 1984’ என்றும் ‘இராமசாமி, 1994’ என்றும் இருந்தன. படிப்பவர் இரண்டையும் ஒருவரே எழுதினார் என்றுதான் கொள்வார். உண்மையில் 1994-ஆம் ஆண்டு நூல், தோட்டத் தொழிலாளர், தொழிற்சங்கம், மூலதனம், அரசு ஆகியவற்றைப் பற்றிப் பி. இராமசாமி எழுதியது, அவருக்கு இராமசாமி இயற்பெயர். 1984-ஆம் ஆண்டு நூல், மலேசிய இந்தியத் தமிழரிடையே சாதி உணர்வு பற்றி இராஜகிருஷ்ணன் இராமசாமி எழுதியது. அவருக்கு இராமசாமி தந்தை பெயர். கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொள்ளும் மென்பொருள், மகன் எழுதிய நூலைத் தந்தையின் பெயரில் ஏற்றிவிட்டது. ‘இராஜகிருஷ்ணன் இராமசாமி’ என முழுப்பெயரையும் உள்ள வரிசையிலேயே எழுதியதும் குழப்பம் தீர்ந்தது. சீனப் பெயரில் இதற்கு நேர்மாறான பிழை நேர்ந்திருந்தது. கூ கே கிம் என்னும் வரலாற்றறிஞருக்குக் குடும்பப்பெயராகிய ‘கூ’ முதலிலேயே நிற்கிறது. மென்பொருளோ அவரைக் ‘கிம்’ என்னும் எழுத்தின்கீழ் வைத்திருந்தது.

ஊர்ப்பெயருக்கும் ஒரு விதி தேவைப்பட்டது. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. ஆய்வாளர் தம் சொற்களில் எழுதும்போது எந்தப் பெயரை ஆளவேண்டும் என்பதை முன்னுரையில் ஒருமுறை கூறிவிடலாம். ஆனால் மூலத்தின் தலைப்பில் பழைய பெயர் அச்சாகியிருந்தால் அதனை மாற்றுதல் கூடாது. மாற்றினால் நூலகப் பட்டியலில் அந்த மூலத்தை எவராலும் தேடிக் கண்டடைய இயலாது.

இனி ஒரு பதிவை முழுமையாகப் பார்ப்போம். கோப்பில் ‘ஃபொகொன்னியே, சோல் ஆஃப் மலாயா, ஆக்ஸ்போர்டு, ப. 47’ என்று இருந்தது. ஆன்றி ஃபொகொன்னியே பிரெஞ்சுக்காரர். சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் அமைத்தவர். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாகக் குறிக்கப்படும் தென்னமரம் தோட்டத்தின் 1917-ஆம் ஆண்டு நடவோடும் அவர் பெயர் இணைந்துள்ளது. அவருடைய புதினம் ‘மலேசி’ என்னும் பெயரில் 1930-இல் பிரெஞ்சில் வெளிவந்து, அவ்வாண்டின் கோன்கூர் பரிசைப் பெற்றது. எரிக் சட்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1931-இல் இலண்டனில் வந்தது. ஆக்ஸ்போர்டின் மறுபதிப்பு அதற்கும் பிந்தியது.

ஆகவே கோப்பிலிருந்த ஒற்றை வரிக்குப் பின்னால் மூன்று வெளியீடுகள் நிற்கின்றன. ஏபிஏ நடையில் இப்பதிவுக்கு ஆசிரியர், கையில் இருந்த பதிப்பின் ஆண்டு, தலைப்பு, மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், மூலநூல் முதலில் வெளிவந்த ஆண்டு ஆகிய ஆறும் வேண்டும். ஐந்தை நானே ஒழுங்கு செய்தேன். ஆக்ஸ்போர்டு பதிப்பின் ஆண்டை மட்டும் எழுதவில்லை. நூலகப் பட்டியலைத் தேடினால் ஓர் ஆண்டு கிடைத்திருக்கும். ஆனால் ஆசிரியை பிடித்திருந்த படி அந்த ஆண்டினதுதான் என்பதற்கு எனக்கு என்ன சான்று? தலைப்புப்பக்கத்தின் பின்புறத்தைப் பார்த்து அவரே சொல்லவேண்டும். 47-ஆம் பக்கமும் அப்படியின்படிதான் சரியோ தவறோ ஆகும்.

விடுபட்டவற்றைச் சுட்டுவதற்கு ஒரே அடையாளத்தைக் கோப்பு முழுதும் ஆளவேண்டும். நான் சதுர அடைப்புக்குள் [??] என இட்டு, அதனை ஒட்டி வினாவை எழுதினேன். ஒப்படைக்கும் முன் அவ்வடையாளத்தைத் தேடினால், எஞ்சிய ஐயம் ஒன்றும் கண்ணுக்குத் தப்பாது. வண்ணம் மட்டும் இட்டால் அச்சில் அது மறைந்துவிடக்கூடும். வினாவும் விடை சொல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். ‘விவரம் இல்லை’ என்று எழுதுவதைவிட, ‘உங்கள் கையில் இருந்தது எந்த ஆண்டுப் பதிப்பு? தலைப்புப்பக்கத்தின் பின்புறம் பார்க்க’ என்று எழுதுதல் பயன் தரும்.

ஐயங்கள் எல்லாம் ஒரே எடை உடையனவும் அல்ல. சொல்லுக்குச் சொல் எடுத்த மேற்கோளுக்குப் பக்க எண் இல்லையேல் அது பெருங்குறை. கருத்தைத் தம் சொல்லில் கூறிய இடத்தில் ஏபிஏ பக்க எண்ணைக் கட்டாயமாக்கவில்லை. எனவே நேர்மேற்கோள்களின் ஐயங்களைப் பட்டியலின் தலையில் வைத்தேன்.

‘ஆண்டு இல்லை’ என்னும் குறிப்பில் ஒரு பொறி உண்டு. ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலருக்கு ஆசிரியை அக்குறிப்பை எழுதியிருந்தார். மூலத்திலேயே ஆண்டு அச்சாகவில்லை என்பதே அதன் பொருள். நாம் குறித்துக்கொள்ள மறந்தோம் என்பதன்று. மலரை மீண்டும் பார்த்தபோது, தலைமையாசிரியரின் வாழ்த்துரைக்குக் கீழே நாளும் ஆண்டும் இருந்தன.

ஆசிரியையை மிகவும் வருத்தியது நேர்காணல் பற்றிய திருத்தம். பால்மரம் சீவிய முதியவர்கள் ஆறு பேரின் பெயர்களைத் துணைநூற்பட்டியலில் அவர் சேர்த்திருந்தார். ஏபிஏ விதிப்படி, ஆய்வாளர் தம் ஆய்வுக்காகவே நேர்கண்டவர்கள் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அவர்கள் கூறியவை ஆய்வுத் தரவு. “தோட்டத் துரையின் கதைக்கு ஆறு விவரம் கேட்கிறீர்கள். அந்தத் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு நின்றவர்களை எடுத்துவிடச் சொல்கிறீர்களே, ஐயா!” என்று அவர் கேட்டார்.

அக்கேள்வி நியாயமானது. விடையும் விதிக்குள்ளேயே இருந்தது. பட்டியலிலிருந்து நீங்குவோர் ஆய்விலிருந்து நீங்கவேண்டியதில்லை. நெறிமுறை இயலில் ஓர் அட்டவணை அமைத்தோம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தோட்டம், செய்த வேலை, பணிசெய்த காலம், நேர்கண்ட நாள், ஒலிப்பதிவு இருக்குமிடம் ஆகியன அதில் வந்தன. பெயர் வெளியிட ஒப்புதல் தந்தவர்க்குப் பெயரும் இடம்பெற்றது. உரையில் ‘பங்கேற்பாளர் 3’ எனச் சுட்டினால் படிப்பவர் அட்டவணைக்குச் சென்று அவரைக் காணலாம். அட்டவணையை நிரப்பும்போதுதான் இருவரை நேர்கண்ட நாள் எங்கும் குறிக்கப்படவில்லை என்பது தெரிந்தது. ஆசிரியை தம் கைப்பேசியின் ஒலிப்பதிவுகளைத் தேடி அந்நாள்களை மீட்டார்.

இறுதியில் 14 ஐயங்களுடன் கோப்பைத் திருப்பி அனுப்பினேன். பத்து நாள்களில் 13 தீர்ந்தன. எஞ்சியது மூன்றாம் இயலின் தொடக்கத்தில் நின்ற ஒரு நேர்மேற்கோள். எந்த நூலிலிருந்து எடுத்தார் என்பதே அவருக்கு நினைவில்லை, தேடியும் அகப்படவில்லை. அவ்வியலிலேயே மிக அழகான வாக்கியம் அதுதான். அவர் அதனை நீக்கிவிட்டு, பங்கேற்பாளர் 3 கூறிய ஒரு வாக்கியத்தை அவ்விடத்தில் வைத்தார். அதற்கு நாள் இருந்தது, இடம் இருந்தது, கேட்டுச் சரிபார்க்க ஒலிப்பதிவும் இருந்தது.