நாற்சந்தியை நெருங்கும் இரண்டு வண்டிகள்

நாற்சந்திக்கு மேற்கே 400 மீட்டரில் ஒரு கார், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வடக்கே 300 மீட்டரில் ஒரு லாரி, வேகம் 80. பிதாகரஸ் விதிப்படி இடைவெளி 500 மீட்டர். அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது?

வேகங்களைக் கூட்டி 140 என்பது நேருக்கு நேர் வரும் வண்டிகளுக்குத்தான் பொருந்தும். இங்கே ஒவ்வொரு வண்டியின் வேகத்திலும் மற்றதை நோக்கிய பங்கை மட்டுமே எடுக்க வேண்டும். காருக்கு ஐந்தில் நான்கு பங்கு, 48. லாரிக்கு ஐந்தில் மூன்று பங்கு, அதுவும் 48. ஆக, மணிக்கு 96 கிலோமீட்டர்.

இது அந்தக் கணத்துக்கு மட்டுமே. வேகம் மாறாவிட்டால் லாரி 13.5 விநாடியில் சந்தியைத் தாண்டிவிடும். பிறகு அதன் பங்கைக் கழிக்க வேண்டும். சுமார் 17 விநாடியில் இரு பங்குகளும் சமமாகும். கார் சந்திக்கு இன்னும் 112 மீட்டர் தள்ளி வந்துகொண்டிருக்கும்போதே, இடைவெளி 140 மீட்டருக்கு மேல் குறையாமல் கூடத் தொடங்கிவிடும்.