தெரபிக்குப் பிறகு மார்க் குறைந்தால் குழந்தை தேறிவிட்டதா? 7 புள்ளிக் கணக்கு சொல்வது என்ன?

கோவை ஆர்.எஸ்.புரத்தில் 8 வயதுப் பையனை மூன்று மாதமாகத் தெரபிக்கு அழைத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "இப்ப கொஞ்சம் பரவால்லைங்க" என்கிறார் அம்மா. கேள்வித்தாளிலும் மதிப்பெண் 22-லிருந்து 17 ஆகக் குறைந்திருக்கிறது. இது உண்மையான முன்னேற்றமா, அல்லது அளவீட்டில் வரும் சாதாரண ஏற்ற இறக்கமா? இதைக் கண்டுபிடிக்க உளவியலில் ஒரு கணக்கு இருக்கிறது.

எந்தக் கேள்வித்தாள்?

குழந்தைகளின் நடத்தை, மனநிலைச் சிக்கல்களை அளக்கப் பல நாடுகளில் பயன்படுவது எஸ்.டி.க்யூ. பிரிட்டன் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் 1997-ல் வெளியிட்டது. தமிழிலும் கிடைக்கிறது. சிக்கல்களைப் பற்றி 20 கேள்விகள். மொத்த மதிப்பெண் 0 முதல் 40 வரை. பெற்றோர் நிரப்பும் தாளில் 13 வரை இயல்பு, 14 முதல் 16 வரை எல்லைக்கோடு, 17-ம் அதற்கு மேலும் கவனிக்க வேண்டிய நிலை.

எத்தனை புள்ளி குறைந்தால் நம்பலாம்?

பத்து கிலோ முன்னே பின்னே காட்டுகிற எடை மேடையில் பஞ்சு லோடு ஐந்து கிலோ குறைந்திருந்தால், பஞ்சு குறைந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். கேள்வித்தாளும் அப்படித்தான். அம்மா இன்று சோர்வாக இருந்தாலே ஒன்றிரண்டு புள்ளி மாறும்.

1991-ல் நீல் ஜேக்கப்சன், பாலா ட்ருவாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பெயர் 'நம்பகமான மாற்றம்'. இதற்கு இரண்டு எண்கள் போதும். ஒன்று, மதிப்பெண்கள் பிள்ளைக்குப் பிள்ளை எவ்வளவு சிதறுகின்றன என்பது. மற்றொன்று, கேள்வித்தாளின் நம்பகத்தன்மை. பிரிட்டன் பெற்றோர்களிடம் எடுத்த பெரிய கணக்கெடுப்பில் இவை 5.8, 0.82.

கணக்கு இதுதான். 1-லிருந்து 0.82-ஐக் கழித்தால் 0.18. அதன் வர்க்கமூலம் சுமார் 0.42. அதை 5.8-ஆல் பெருக்கினால் ஒருமுறை அளப்பதில் வரும் பிழை, சுமார் 2.5 புள்ளி. முன்னும் பின்னும் இரண்டு முறை அளப்பதால் 1.41-ஆல் பெருக்க வேண்டும், 3.5 ஆகிறது. 95% உறுதிக்காக 1.96-ஆல் பெருக்கினால் சுமார் 6.8. அதாவது குறைந்தது 7 புள்ளி மாற வேண்டும்.

பையனுக்குக் குறைந்தது 5 தான். அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் தாளை வைத்து மட்டும் 'தேறிவிட்டான்' என்று சொல்ல முடியாது.

இரண்டாவது கேள்வி

7 புள்ளி குறைந்தால் மட்டும் போதுமா? போதாது. குழந்தை இயல்பு எல்லைக்குள் வந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். இதுதான் 'மருத்துவ முக்கியத்துவம்'. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்:

● 22-லிருந்து 13: 9 புள்ளி குறைவு, இயல்பு எல்லைக்குள்ளும் வந்தாச்சு. குணமடைந்தது.
● 31-லிருந்து 21: 10 புள்ளி குறைவு, ஆனால் இன்னும் கவனிக்க வேண்டிய நிலை. முன்னேற்றம் உண்டு, தெரபி தொடரணும்.
● 15-லிருந்து 12: எல்லை தாண்டியாச்சு, ஆனால் மாற்றம் 3 தான். உறுதியாகச் சொல்ல முடியாது.
● 16-லிருந்து 24: 8 புள்ளி கூடியிருக்கிறது. மோசமாகியிருக்கிறது, சிகிச்சைத் திட்டத்தையே மாற்றிப் பார்க்கணும்.

பலர் ஏமாறுவது மூன்றாவதில்தான். தாளில் 'இயல்பு' என்று வந்ததும் தெரபியை நிறுத்திவிடுகிறார்கள்.

எங்கே தப்பு நடக்கும்?

முதல் தடவை அம்மா, அடுத்த தடவை அப்பா அல்லது டீச்சர் நிரப்பினால் ஒப்பிட முடியாது. ஒரே ஆள் நிரப்பணும். தாளும் முக்கியம்: முதல் தாள் கடந்த 6 மாதத்தைப் பற்றிக் கேட்கும், தொடர்கவனிப்புக்கான தாள் கடந்த ஒரு மாதத்தை மட்டும் கேட்கும்.

7 என்பதும் கல்வெட்டு இல்லை. சில மாதம் விட்டு மறுபடி அளந்து பார்த்த நம்பகத்தன்மையை, அதாவது 0.72-ஐ, எடுத்தால் 9 புள்ளி தேவைப்படும். இந்த எண்கள் பிரிட்டன் பிள்ளைகளுடையவை என்பதையும் மறக்கக் கூடாது. மையம் எந்த எண்ணை எடுத்தது என்று பெற்றோர் கேட்கலாம்.

இன்னொன்று, பிரச்னை உச்சத்தில் இருக்கும்போதுதான் பிள்ளையை அழைத்து வருகிறார்கள். பரீட்சை முடிந்ததும் தானாகவே கொஞ்சம் தணியலாம். மாற்றம் நடந்ததா என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்லும். தெரபியால்தான் நடந்ததா என்று சொல்லாது.

ஆட்டிசம் போன்ற நிலைகளில் இயல்பு எல்லையைத் தொடுவதே இலக்காக இருக்கத் தேவையில்லை. அங்கே நம்பகமான மாற்றத்தோடு, பிள்ளை தானே சாப்பிடுகிறதா, வேண்டியதைக் கேட்கிறதா என்பதையும் பார்த்துத்தான் அடுத்த மூன்று மாதத் திட்டத்தை முடிவு செய்ய வேண்டும்.