கடல் தாண்டிய வாரிசுகள் - 9: அப்பாயிக்கு அறுபது சென்ட்

உயிலில் மனைவிக்குக் கொடுத்திருக்கும் ஆயுள் உரிமையைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆசிரியர் குழுவிலிருந்து அதை நினைவூட்டித் தொலைபேசியும் வந்துவிட்டது. ஆனால் வக்கீலின் கடிதத்தில் அதற்கு முந்தைய பக்கத்தில் ஒரு கிழவி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார். அவரைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வரி. மயிலாடுதுறைப் பக்கத்தில் 2016-ல் காலமான ஒருவரின் உயிலையும் வாரிசுப் பங்குகளையும் அவருடைய வக்கீல் ஆங்கிலத்தில் விளக்கி எழுதியிருக்கிறார். ஐந்து நாடுகளில் இருக்கும் குடும்பத்துக்குப் பொதுவான ஒரே மொழி தமிழ் என்பதால், அதைத் தமிழாக்கும் வேலை எனக்கு. மற்றதைப் பழைய இதழ்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயில் வீட்டைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. எழுதியது 2004-ல். அதற்குப் பிறகு 2009-ல் மனிதர் சொந்தச் சம்பாத்தியத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை வாங்கினார். உயிலைத் திருத்தவில்லை. ‘இதில் சொல்லாமல் விடுபட்ட சொத்துகளும் இன்னாரையே சேரும்’ என்று கடைசியில் ஒரு வரி இருந்திருந்தால் நிலமும் அதற்குள் வந்திருக்கும். அந்த வரி இல்லை. ஆகவே வீடு உயில்படி போகிறது. நிலம் உயிலே எழுதாதவரின் சொத்தைப்போல, 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி போகிறது. ஒரே மனிதர், ஒரே சாவு, இரண்டு வழி. இதுவரை யாருக்கும் குழப்பமில்லை.

நிலத்துக்கு யார் யார்? மனைவி ஊரில் இருக்கிறார். மூத்த மகன் டொராண்டோவில். மகள் காரைக்கால் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் பாரிஸ் புறநகரில். இளைய மகன் கோலாலம்பூரில் இருந்தவர், தகப்பனுக்கு முன்பே 2012-ல் போய்விட்டார். அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான். இவர்கள் எல்லோரும் வாட்ஸாப் குழுவில் மாதக்கணக்காகப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மூன்று ஏக்கர் என்றால் முந்நூறு சென்ட். அம்மா, அண்ணன், தங்கை, தம்பி குடும்பம் என்று நாலு பங்கு. ஆளுக்கு எழுபத்தைந்து. டொராண்டோக்காரர் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு வரைவே தயார் செய்துவிட்டார்.

வக்கீலின் கடிதம், பங்கு நாலில்லை, ஐந்து என்றது.

ஐந்தாவது பங்கு இறந்தவரின் தாயாருக்கு. 2016-ல் மகனுக்குக் கொள்ளி வைத்தபோது திண்ணையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அப்பாயி. இரண்டு வருஷம் கழித்து, 2018-ல் அவரும் போய்ச் சேர்ந்தார். நிலத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பட்டாவில் அவர் பெயர் ஏறியதில்லை. ஆனால் மகனின் உயிர் போன அந்த நிமிஷத்திலேயே அவருக்கு அறுபது சென்ட் உரிமையாகிவிட்டது. கேட்டால்தான் பங்கு, கேட்காவிட்டால் இல்லை என்பது சட்டத்தில் கிடையாது.

இந்த வாரம் என்னை மயக்கிய சங்கதி இதுதான். இந்து ஆண் ஒருவர் உயிலில்லாமல் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பங்கு பெறுகிறார்கள். மனைவி, மகன், மகளோடு சரிசமமாக அந்த வகுப்பில் தாய் இருக்கிறார். தகப்பன் இல்லை! அவர் இரண்டாம் வகுப்பில் நிற்கிறார். முதல் வகுப்பில் ஒரே ஒருவர் உயிரோடு இருந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. நம்மூரில் எந்தப் பஞ்சாயத்திலும் தகப்பனை ஓரங்கட்டித் தாயை உட்கார வைத்துப் பார்த்ததுண்டா?

அதே தெருவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் இதே சாவு நடந்திருந்தால் கணக்கு வேறு. அவர்களுக்கு 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் தாய்க்கு எதுவும் வராது. இதைச் சொன்னதும் வக்கீல் புதுச்சேரியில் இன்னொரு கூட்டம் இருப்பதாக ஆரம்பித்தார்: 1881-ம் வருஷத்து பிரெஞ்சு ஆணைப்படி சொந்த மத வழக்கத்தைக் கைவிட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போனவர்களின் வம்சாவழி. அந்தக் கதைக்குத் தனித் தொடரே வேண்டும். நமக்கு இப்போது அப்பாயி.

அப்பாயியின் அறுபது சென்ட் 2018-ல் அவரோடு மறைந்துவிடவில்லை. அவருடைய வாரிசுகளுக்குப் போனது. பெண் உயிலில்லாமல் இறந்தால் முதலில் வருகிறவர்கள் கணவரும் பிள்ளைகளும். கணவர் எப்போதோ காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூவர்: நம் கதையின் நாயகர், பினாங்கில் இருக்கும் அவருடைய தம்பி, சிங்கப்பூரில் இருக்கும் தங்கை. ஆளுக்கு இருபது சென்ட். இப்படித்தான், வாட்ஸாப் குழுவிலேயே இல்லாத இரண்டு பேர் நிலத்துக்குள் வந்தார்கள்.

நாயகர் தாய்க்கு முன்பே இறந்தவர். அவர் வழி இருபது சென்ட் அவருடைய பிள்ளைகளுக்கு. யார் அந்தப் பிள்ளைகள்? டொராண்டோ மகனும் பாரிஸ் மகளும் மட்டும்தான். மருமகள், அதாவது நாயகரின் மனைவி, மாமியார் சொத்தில் இந்த வரிசையில் வரமாட்டார். கோலாலம்பூர்ப் பிள்ளைகளும் வரமாட்டார்கள். ஆணின் சொத்து என்றால், இறந்த மகனின் இறந்த மகன் வழியாக கொள்ளுப்பேரன் வரைக்கும் சட்டம் இறங்குகிறது. பெண்ணின் சொத்தில் இறந்த பிள்ளையின் பிள்ளையோடு நின்றுவிடுகிறது. கோலாலம்பூர்ப் பிள்ளைகள் அப்பாயிக்குக் கொள்ளுப்பேரர்கள். அவர்களின் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு வந்திருக்கும். இல்லாததால், இருபதும் மற்ற இருவருக்குப் பத்துப் பத்தாகப் போகிறது.

ஆக மொத்தக் கணக்கு: மனைவிக்கு அறுபது. டொராண்டோ மகனுக்கு எழுபது, பாரிஸ் மகளுக்கு எழுபது. கோலாலம்பூர்க் குடும்பத்துக்கு அறுபது. அதைத் தாயும் இரண்டு பிள்ளைகளும் இருபது இருபதாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பினாங்குக்கு இருபது, சிங்கப்பூருக்கு இருபது. கூட்டிப் பாருங்கள், முந்நூறு வரும். எழுபத்தைந்து என்று நினைத்திருந்த மகனுக்கும் மகளுக்கும் ஐந்து சென்ட் குறைந்தது. மனைவிக்கும் கோலாலம்பூருக்கும் பதினைந்து குறைந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் விளக்கமில்லாமல் வெறும் எண்களைப் பார்த்தால் ஏமாற்று வேலை போலத்தான் தெரியும்.

இதைத் தமிழில் எழுதும்போது எனக்கு வந்த முதல் தலைவலி, அந்தக் கிழவியை என்னவென்று கூப்பிடுவது என்பது. டொராண்டோக்காரருக்கு அப்பாயி, ஊரில் இருப்பவருக்கு மாமியார், பினாங்குக்காரருக்கு அம்மா, கோலாலம்பூர்ப் பிள்ளைகளுக்குக் கொள்ளுப்பாட்டி. எதை எழுதினாலும் மற்றவர்கள் வேறு ஆளை நினைத்துக்கொள்வார்கள். கடிதம் முழுக்க ‘இறந்தவரின் தாயார்’ என்றே எழுதினேன். மூன்று சாவுகளையும் 2012, 2016, 2018 என்று தலைப்பிலேயே வரிசையாகப் போட்டேன். யார் முந்தி, யார் பிந்தி என்பதில்தான் கணக்கு முழுவதும் நிற்கிறது. அப்பாயி மகனுக்கு ஒரு நாள் முன்பாகப் போயிருந்தால், டொராண்டோக்காரரின் எழுபத்தைந்துதான் சரி.

இரண்டாவது தலைவலி, படிக்கிற ஒவ்வொருவரும் தங்கள் நாட்டுச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தது. பினாங்குக்காரர் ஆச்சரியப்படவே இல்லை. மலேசியாவின் 1958-ம் வருஷத்துச் சட்டத்தில் மனைவி, பிள்ளை, பெற்றோர் எல்லோரும் இருந்தால் பெற்றோருக்குக் கால் பங்கு உண்டு. சிங்கப்பூர் அத்தைக்கோ நம்பிக்கையில்லை; அங்கே மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்கு ஒன்றும் கிடையாது. பாரிஸ் மகள் வேறு திசையில் போனார். “வீட்டை அம்மாவுக்குன்னு எழுத அப்பாவுக்கு உரிமையே இல்லையேண்ணே! பிள்ளைங்க பங்கைத் தொடக் கூடாதே?” பிரான்சில் அது சரிதான். மூன்று பிள்ளைகள் இருந்தால் சொத்தில் முக்கால் பங்கு அவர்களுக்கென்று சட்டம் ஒதுக்கி வைத்துவிடும். உயிலால் மீதிக் காலை மட்டுமே தொடலாம். இங்கே இந்து ஒருவர் தன் சொந்தச் சம்பாத்தியம் முழுவதையும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

அதனால் வக்கீலின் அனுமதியோடு கடிதத்தின் தலையில் மூலத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன்: ‘வீடும் நிலமும் இந்தியாவில் இருப்பதால் நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், பங்கு இந்தியச் சட்டப்படிதான்.’ இதை முதலில் சொல்லாவிட்டால், பின்னால் சொல்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சண்டை.

எண்களிலும் ஒரு பொறி இருந்தது. வக்கீல் முப்பதில் ஏழு, பதினைந்தில் ஒன்று என்று பின்னங்களாக எழுதியிருந்தார். ஊரில் இருக்கும் அம்மாவுக்காக நான் சென்ட்டில் மாற்றிப் போட்டேன். உடனே கோலாலம்பூரிலிருந்து கேள்வி: “எங்க இருபது சென்ட் எந்தப் பக்கம் அங்கிள்? வாய்க்கால் பக்கமா, ரோட்டுப் பக்கமா?” எந்தப் பக்கமும் இல்லை. பாகம் பிரியும் வரை அது பிரிபடாத பங்கு. நிலத்தின் ஒவ்வொரு பிடி மண்ணிலும் எல்லோருக்கும் விகிதப்படி உரிமை. ஆகவே பின்னத்தையும் வைத்துக்கொண்டு, சென்ட்டை அளவுக்காக மட்டும் பக்கத்தில் எழுதி, ‘இடம் எது என்பது பாகப்பிரிவினையில்தான் தெரியும்’ என்று ஒரு வரி சேர்த்தோம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தக் குழப்பம் எங்கே தொடங்கியது என்று பார்த்தால், வாரிசுச் சான்றிதழில். தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய அந்தத் தாளில் தாயார் பெயர் இருக்கத்தான் செய்கிறது. பெயருக்கு எதிரே வயது 84. அவர் பிறகு இறந்துவிட்டதால், குடும்பத்தார் அந்த வரியை மனதிலேயே அடித்துவிட்டார்கள். சான்றிதழ் பெயர்களைத்தான் சொல்லும். பங்கு எவ்வளவு, அடுத்து யாருக்குப் போகும் என்பதைச் சொல்லாது. நாலு பங்காகவே பத்திரம் பதிந்திருந்தாலும் பினாங்கையும் சிங்கப்பூரையும் அது கட்டுப்படுத்தாது. பத்து வருஷம் கழித்து நிலத்தை வாங்க வருகிறவரின் வக்கீல் இந்தச் சான்றிதழையும் தாயாரின் இறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். விற்பனை அங்கேயே நிற்கும்.

பினாங்குக்காரர் நல்ல மனிதர். “எனக்கு எதுக்கு அந்த இருபது சென்ட்? அண்ணிக்கே விட்டுக் கொடுத்திட்டேன்னு எழுதிக்குங்க தம்பி” என்றார் தொலைபேசியில். எழுதிக்கொள்ள முடியாது. விடுதலைப் பத்திரம் எழுதி, யாருக்காக விடுகிறார் என்பதையும் அதில் சொல்லி, பதிவு செய்ய வேண்டும். ஊருக்கு வர முடியாவிட்டால் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்து ஒருவரை நியமிக்க வேண்டும். வெளிநாட்டில் கையெழுத்தான அந்தப் பத்திரம் இந்தியாவுக்குள் வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தபாலில் வந்ததைப் பீரோவில் வைத்துவிட்டு, தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அங்கே ஒரு சிக்கல்.

ஆயுள் உரிமை அடுத்த வாரம், இந்த முறை நிச்சயம். நிலக் கணக்கு முழுவதையும் நான் தொலைபேசியில் படித்துக் காட்டியபோது அந்த அம்மா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கேட்டது ஒன்றுதான்: “நிலம் கெடக்கட்டும் தம்பி. இந்த வீட்டை நான் விக்க முடியுமா, முடியாதா?” உயிலில் ‘ஆயுள் பரியந்தம்’ என்று இருக்கிறது. ஆனால் 1956-ம் வருஷத்துச் சட்டத்தின் பதினான்காவது பிரிவில் இரண்டு உட்பிரிவுகள் இருக்கின்றன. ஒன்றின்படி பார்த்தால் முடியும். மற்றதன்படி பார்த்தால் முடியாது.