நான்கு விலைகளுக்குள் ஒளிந்திருக்கும் வட்டி

அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் மீதான ஆப்ஷன்கள் சிகாகோவின் சிபோ சந்தையில் விற்கப்படுகின்றன. பங்குகள் ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுபவர்கள்தான் அங்கே அதிகம். அதே திரையில், ஏற்ற இறக்கத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் சிலர் கடன் வாங்குகிறார்கள், சிலர் கடன் கொடுக்கிறார்கள். கடன் பத்திரமும் கிடையாது, வட்டி விகிதம் என்று எங்கும் எழுதியிருப்பதும் இல்லை. இதற்கு அவர்கள் பயன்படுத்துவது 'பாக்ஸ் ஸ்ப்ரெட்'.

கால் ஆப்ஷன் என்பது குறிப்பிட்ட விலைக்கு வாங்கும் உரிமை; புட் ஆப்ஷன் விற்கும் உரிமை. அந்தக் குறிப்பிட்ட விலைதான் ஸ்டிரைக். குறியீட்டை யாரும் கையில் கொடுக்க முடியாது என்பதால், கெடு நாளில் வித்தியாசத்தைப் பணமாகத் தீர்த்துக்கொள்வார்கள்.

குறியீடு 5,500 புள்ளிகளுக்கு அருகில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுக் கெடுவில் ஒருவர் நான்கு காரியங்களை ஒரே ஆர்டரில் செய்கிறார். 5,000 ஸ்டிரைக் காலை 790 புள்ளிக்கு வாங்குகிறார். 6,000 காலை 240-க்கு விற்கிறார். 6,000 புட்டை 537-க்கு வாங்குகிறார். 5,000 புட்டை 130-க்கு விற்கிறார். வரவு செலவைக் கழித்துப் பார்த்தால் அவர் கையிலிருந்து போவது 957 புள்ளிகள்.

ஓராண்டு கழித்துக் குறியீடு 6,500-க்குப் போயிருந்தால், வாங்கிய காலில் 1,500 வரும், விற்ற காலில் 500 போகும், மிச்சம் 1,000. குறியீடு 4,500-க்கு விழுந்திருந்தால், வாங்கிய புட்டில் 1,500 வரும், விற்ற புட்டில் 500 போகும், அப்போதும் 1,000. நடுவில் 5,600-ல் நின்றால் காலில் 600, புட்டில் 400; மறுபடியும் 1,000. சந்தை எங்கே போனாலும் கிடைப்பது இரண்டு ஸ்டிரைக்குகளின் வித்தியாசம் மட்டுமே.

ஒரு புள்ளிக்கு 100 டாலர் கணக்கு. ஆக, இன்று 95,700 டாலர் கொடுத்து ஓராண்டில் 1,00,000 டாலர் வாங்குகிறார். இடையில் இருக்கும் 4,300 டாலர்தான் வட்டி. அதைக் கொடுத்த தொகையால் வகுத்தால் ஏறக்குறைய 4.5 சதவீதம். வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் தரும் தண்டல் கடனைப் போன்றதுதான் இது.

பாக்ஸை வாங்குபவர் கடன் கொடுப்பவர். அதே நான்கையும் தலைகீழாகச் செய்து விற்பவர் கடன் வாங்குபவர். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. நடுவில் நின்று பொறுப்பேற்பது ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷன். ஆனால் கடன் வாங்குபவர் வெறுங்கையோடு வர முடியாது. அவரது கணக்கிலுள்ள பங்குகள்தான் புரோக்கருக்கு ஈடு. அந்தப் பங்குகள் சரிந்தால் மார்ஜின் கேட்டு அழைப்பு வரும், கட்டாவிட்டால் பங்குகள் விற்கப்படும்.

இப்படி வெளிப்படும் வட்டி ஆய்வாளர்களுக்கும் பயன்படுகிறது. வான் பின்ஸ்பெர்கன், டயமண்ட், குரோட்டேரியா ஆகிய மூவர் இந்தக் குறியீட்டு ஆப்ஷன்களிலிருந்து வட்டியைப் பிரித்தெடுத்து அமெரிக்க அரசுப் பத்திர வட்டியோடு ஒப்பிட்டார்கள். அரசுப் பத்திரத்தில் வருமானம் சராசரியாகச் சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. எப்போது வேண்டுமானாலும் விற்கலாம், எங்கும் ஈடாக வைக்கலாம் என்ற வசதிக்காக முதலீட்டாளர்கள் விட்டுக்கொடுக்கும் வருமானம் அது. 2008 நெருக்கடியின்போது அந்த இடைவெளி பல மடங்கு விரிந்தது.

இந்தக் கணக்கில் சிறிய பிசகும் வட்டியை மாற்றிவிடும். மேலே சொன்ன பாக்ஸை 957-க்குப் பதில் 956-க்கு விற்றால், கடன் வாங்குபவரின் வட்டி 4.6 சதவீதமாகிவிடும். மூன்று மாதக் கெடுவில் அதே ஒரு புள்ளி ஆண்டுக் கணக்கில் நான்கு மடங்கு வலிக்கும். அதனால்தான் நான்கையும் தனித்தனியாக வாங்கி விற்காமல், ஒரே தொகுப்பாக, இன்ன விலைக்குத்தான் என்று வரம்பு வைத்து ஆர்டர் போடுகிறார்கள்.

பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. எஸ் அண்ட் பி 500 குறியீட்டு ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை. கெடு நாளில் மட்டுமே உரிமையைப் பயன்படுத்த முடியும். தனிப் பங்குகள், ஈ.டி.எஃப்.கள் மீதான ஆப்ஷன்கள் பெரும்பாலும் அமெரிக்க வகை. வாங்கியவர் எந்த நாளிலும் உரிமையைக் கேட்கலாம். 2019 ஜனவரியில் ராபின்ஹுட் செயலியில் 5,000 டாலர் போட்டிருந்த ஒருவர், நஷ்டமே வராது என்று நம்பி, யுவிஎக்ஸ்ஒய் என்ற ஈ.டி.எஃப் மீது பாக்ஸ்களை விற்றார். எதிர்த்தரப்பினர் கெடுவுக்கு முன்பே உரிமையைப் பயன்படுத்தினார்கள். நான்கில் ஒரு கால் உடைந்ததும் பெட்டி பெட்டியாக இருக்கவில்லை. அவரது நஷ்டம் 50,000 டாலரைத் தாண்டியது. அதன் பிறகு ராபின்ஹுட் பாக்ஸ் ஸ்ப்ரெட்டையே நிறுத்திவிட்டது.

ஆகவே பாக்ஸின் விலையை வட்டியாக நம்புவதற்கு முன் பார்க்க வேண்டியது, நான்கு ஆப்ஷன்களும் கெடு நாள்வரை கலையாமல் நிற்குமா என்பதை. முன்கூட்டியே கலைக்கக்கூடிய பெட்டி வழக்கத்துக்கு மாறான வட்டியைக் காட்டினால், அது மலிவான கடன் அல்ல. அந்த அபாயத்தின் விலை.