ரசீதில் ரூபாய்க் குறி

திண்டுக்கல்லில் எங்கள் மதரஸா அனுப்பிய ஜகாத் ரசீதை வெளியூர் அன்பர் கணினியில் திறந்தபோது, ரூபாய்க் குறிக்குப் பதிலாக ` என்ற சிறு கோடே நின்றது, ஐயம் எழுந்தது. 2010 ஜூலையில் புதிய குறி ஏற்கப்பட்டதும் வெளிவந்த சில எழுத்துருக்கள், அக்கோட்டின் இடத்தில் ரூபாய் வடிவத்தை வரைந்து வைத்திருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பழைய கோடே தெரியும்.

2010 அக்டோபரில் யூனிகோடு இக்குறிக்குத் தனியிடம் அளித்தது. எனவே விண்டோஸில் விசைப்பலகையை English (India) எனத் தேர்ந்து, வலப்பக்க ஆல்ட் விசையை அழுத்தியவாறே 4-ஐத் தட்டுங்கள், ₹ வரும். இடப்பக்க ஆல்ட் மட்டும் அதைத் தராது. பின்னர் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்: கோடாக மாறினால் அது போலிக்குறி. வெறுங்கட்டமாகத் தெரிந்தாலோ குறி சரியானதே; எழுத்துருதான் பழையது.