இரண்டு குழாய்களுக்கு நடுவே

நீர் தேங்கும் வயலுக்கு அடியில் துளையிட்ட குழாய்களைப் புதைத்தால் தண்ணீர் வடியும். ஆனால், குழாய்களுக்கு இடையே எத்தனை மீட்டர் விடுவது? நெருக்கிப் போட்டால் செலவு தாங்காது. தள்ளிப் போட்டால் நடுவில் நிற்கும் பயிரின் வேர் அழுகிவிடும். மழைக்குப் பின் நிலத்தடி நீர்மட்டம் குழாய்களுக்கு மேல் தாழ்ந்தும், இரண்டுக்கும் நடுவே மேடாகவும் நிற்கிறது. அந்த மேடு வேரைத் தொடக்கூடாது.

கடலோடு போராடி வயல் செய்த நெதர்லாந்தில் இந்தக் கேள்விக்கு ஹூக்ஹவுட் என்ற மண்ணியலாளர் 1940-ல் விடை தந்தார்:

L² = (8Kdh + 4Kh²) / q

L இடைவெளி. K மண் தண்ணீரைக் கடத்தும் திறன். h குழாய் மட்டத்திலிருந்து நீர்மேட்டின் உயரம். q ஒரு நாளில் வடிய வேண்டிய நீர். நெதர்லாந்தில் பயிர் நிலத்துக்கு நாளொன்றுக்கு 7 மில்லிமீட்டர் வடியும்போது நீர்மட்டம் தரைக்கு அரை மீட்டர் கீழே நிற்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல்.

K-ஐ வயலிலேயே அளக்கலாம். நீர்மட்டத்துக்குக் கீழ்வரை குழி துளைத்து, நீரை இறைத்துவிட்டு, அது எவ்வளவு வேகமாக மீண்டும் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே வயலில் இந்த அளவு பத்து மடங்குகூட மாறும் என்பதால் ஒரு குழியை நம்பக்கூடாது.

சூத்திரத்தின் நுட்பம் d-யில், அதாவது குழாய்க்குக் கீழே நீரைக் கடத்தும் மண்ணின் தடிமனில், இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் 10 சென்டிமீட்டர் குழாய். அதற்கு 3 மீட்டர் கீழே நீர் புகாத அடுக்கு. K நாளுக்கு அரை மீட்டர் என்று வைப்போம். மூன்று மீட்டர் மண்ணும் முழுதாக நீரைக் கடத்தும் என்று எண்ணி d-க்கு 3 கொடுத்தால் இடைவெளி சுமார் 30 மீட்டர் வரும். அது தவறு. பரந்து வரும் நீர் கடைசியில் ஒரு சிறு குழாய்க்குள் நுழைய நெருக்கியடிக்கிறது. அங்கேதான் தடை அதிகம். அந்த நெருக்கடியைக் கணக்கில் சேர்க்க, அடுக்கு இன்னும் மேலே இருப்பதாகப் பாவித்தார் ஹூக்ஹவுட். இங்கே 3 மீட்டர் ஏறத்தாழ ஒன்றரை மீட்டராகச் சுருங்குகிறது. இடைவெளியும் 23 மீட்டருக்குச் சற்றுக் குறைகிறது. d-யும் இடைவெளியைப் பொறுத்தே மாறுவதால், ஓர் ஊகத்தில் தொடங்கித் திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

ஏழு மீட்டர் வித்தியாசம்தானே என்று 30 மீட்டரிலேயே குழாய் போட்டால், நடுவில் நீர்மட்டம் தரைக்கு வெறும் 26 சென்டிமீட்டர் கீழே வந்துவிடும். அதே நிலம் களிமண்ணாகி K பத்தில் ஒன்றாகக் குறைந்தால், இடைவெளி 5 மீட்டருக்கும் கீழே போகும். அங்கே செலவே திட்டத்தை நிறுத்திவிடும்.

குழாய் போட்ட பிறகும் வயல் ஈரமாகவே இருந்தால், நடுவில் ஒன்றும் குழாயை ஒட்டி ஒன்றுமாகக் கண்காணிப்புக் குழிகள் இட வேண்டும். நடுவில் மட்டும் நீர் உயர்ந்தால் இடைவெளி அதிகம். குழாயை ஒட்டியும் உயர்ந்திருந்தால், துளைகளை வண்டலோ இரும்புச் செம்படிவமோ அடைத்திருக்கக்கூடும். அப்போது இன்னொரு குழாயைப் புதைக்கும் முன் இருப்பதைக் கழுவிப் பார்ப்பதே முறை.