'இஸின்ட் இட்' படுத்தும் பாடு

நம்மவர் இருவர் இங்கிலீஷில் பேசிக்கொள்வதைச் சற்றுக் கூர்ந்து கேட்டால் ஒரு வேடிக்கை புலப்படும். வாக்கியம் எப்படி ஆரம்பித்தாலும் சரி, யாரைப் பற்றியதானாலும் சரி, கடைசியில் 'இஸின்ட் இட்?' என்ற வால் வந்து ஒட்டிக்கொள்ளும். 'யூ ஆர் கமிங் டுமாரோ, இஸின்ட் இட்?' 'யுவர் ஸிஸ்டர் ஸிங்ஸ் வெல், இஸின்ட் இட்?' நாளை வரப்போகிறவர் ஒருவர், பாடுகிறவள் மற்றொருத்தி, இருவருக்கும் வால் மாத்திரம் ஒன்றே!

இதற்காக நம்மவரைச் சோம்பேறிகள் என்று சொல்வது நியாயமல்ல. குற்றம், குற்றமென்றால், தாய்மொழியின் பழக்கத்தைச் சேர்ந்தது. 'வருகிறீர்கள் அல்லவா?', 'பாடுகிறாள் அல்லவா?', 'போய்விட்டார்கள் அல்லவா?' என்று எதற்கும் 'அல்லவா' ஒன்றையே போட்டு நாம் காரியத்தை முடித்துக்கொள்கிறோம். பிரெஞ்சுக்காரரும் 'நெஸ் பா' என்ற ஒரே சொற்றொடரை எல்லா வாக்கியத்துக்கும் வைத்திருக்கிறார். இந்த விஷயத்தில் விநோதப் பிராணி இங்கிலீஷ்தான்.

இங்கிலீஷ் வால் தன் தலையைத் திரும்பிப் பார்க்கும் இயல்புடையது. வாக்கியத்தில் 'ஆர்' என்ற துணை வினை இருந்தால் வாலிலும் அதுவே வரவேண்டும். 'யூ' என்பது எழுவாயானால் வாலிலும் 'யூ' வரவேண்டும். வாக்கியம் உடன்பாடானால் வால் எதிர்மறையாகவும், எதிர்மறையானால் வால் உடன்பாடாகவும் புரளவேண்டும். ஆகவே, 'யூ ஆர் கமிங் டுமாரோ, ஆர்ன்ட் யூ?' என்பதே முறை. 'யுவர் ஸிஸ்டர் ஸிங்ஸ் வெல்' என்பதில் துணை வினையே இல்லையே என்றால், 'டஸ்' என்பதைக் கடன் வாங்கி, 'டஸின்ட் ஷீ?' என்று முடிக்கவேண்டும். 'ஹீ வோன்ட் கோ' என்றால் 'வில் ஹீ?' என்பது வால். 'ஐ ஆம் லேட்' என்பதற்கு மட்டும் பேச்சு வழக்கில் 'ஆர்ன்ட் ஐ?' என்று வருகிறது. இதற்கு நியாயம் கேட்டால் இலக்கண ஆசிரியர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள்!

அப்படியானால் 'இஸின்ட் இட்' எங்கேதான் பொருந்தும்? 'இட் இஸ் ஹாட் டுடே, இஸின்ட் இட்?', 'தட் இஸ் யுவர் ஹவுஸ், இஸின்ட் இட்?' என்பவை போன்ற இடங்களில் அது சொந்த வீட்டில் இருக்கிறது.

வால் தவறினால் பெரும்பாலும் காது மட்டுமே கூசும், பொருள் கெட்டுவிடாது. லண்டன் நகரத்து இளைஞர்களே 'இன்னிட்' என்ற ஒரே வாலை எங்கும் ஒட்டித் திரிகிறார்கள்! ஆனால் பதிலில் தவறினால் பொருளே தலைகீழாகிவிடும்.

ஓர் உதாரணம் பாருங்கள். லண்டனில் மகன் வீட்டுக்குப் போயிருக்கும் ஒரு தாயாருக்குச் சிறு சத்திர சிகிச்சை நடக்கவேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வரச்சொல்லியிருக்கிறார்கள். அம்மாளும் அப்படியே வந்திருக்கிறாள். நர்ஸ், 'யூ ஹாவின்ட் ஈட்டன் எனிதிங், ஹாவ் யூ?' என்று கேட்கிறாள். அம்மாள், 'ஆமாம், சாப்பிடவில்லை' என்று மனத்தில் எண்ணி, 'எஸ்' என்று மட்டும் சொல்கிறாள். நர்ஸின் காதில் அது 'சாப்பிட்டேன்' என்றே விழுகிறது. சிகிச்சை தள்ளிப்போடப்பட்டாலும் ஆச்சரியமில்லை.

நம் 'ஆமாம்', கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வது. இங்கிலீஷ் 'எஸ்' கேட்டவரைப் பார்ப்பதே இல்லை. நடந்ததை மட்டும் பார்க்கிறது. சாப்பிட்டிருந்தால் 'எஸ்', சாப்பிடாவிட்டால் 'நோ'. கேள்வி எந்த உருவில் வந்தாலும் கவலையில்லை. இதை மறக்காமலிருக்க ஒரு சுலபமான வழி, 'எஸ்', 'நோ' என்பவற்றைத் தனியே விடாமல் துணை வினையையும் கூட்டிச் சொல்லிவிடுவது: 'எஸ், ஐ ஹாவ்' அல்லது 'நோ, ஐ ஹாவின்ட்.' அந்த அம்மாள் தவறாக 'எஸ், ஐ ஹாவின்ட்' என்று சொல்லியிருந்தாலுங்கூட, நர்ஸ் குழம்பி இன்னொரு தரம் கேட்டிருப்பாள். அந்த மட்டும் லாபம்.

வாலின் கணக்கெல்லாம் பேச்சின் அவசரத்தில் நினைவுக்கு வரவில்லையா? வாலே வேண்டாம். உண்மையில் தெரியாததைக் கேட்கிறீர்களானால், 'ஆர் யூ கமிங் டுமாரோ?' என்று நேராகவே கேட்கலாம். தெரிந்ததை உறுதிப்படுத்திக்கொள்ள மட்டும் விரும்பினால், சிநேகிதரிடம் பேசும்போது வாக்கியத்தின் முடிவில் 'ரைட்?' என்று சொன்னால் போதும். அது 'அல்லவா'வைப் போல எதனோடும் ஒத்துப்போகும். அபிப்பிராயத்துக்கு ஆமோதிப்புத் தேடினால் 'டோன்ட் யூ திங்க்?' இருக்கிறது.

'இஸின்ட் இட்'டுக்கு ஒரு தம்பியும் உண்டு. 'மை ஸன் ஹாஸ் பாஸ்ட்' என்று ஒருவர் பூரிப்போடு சொல்கிறார். கேட்டவர், 'இஸ் இட்?' என்கிறார். பையன் 'இட்' ஆகிவிட்டான், பாவம்! 'ஹாஸ் ஹீ?' என்று கேட்டிருக்கவேண்டும். அதுவும் வாயில் வராவிட்டால், 'ரியலி?' என்று வியந்துவிட்டு உடனே 'கங்கிராஜுலேஷன்ஸ்!' என்று கையைக் குலுக்கலாம்.